பதின்மூன்றாம் முனை எங்கே போய்ச் சேருகிறது?

ஐ.டி.ஐ.களில் எலக்ட்ரீசியன் பிரிவில் இந்த ஆண்டு சேர்ந்திருக்கும் மாணவ மாணவியருக்கு,

ஒரு மாவு மில்லில் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது. நடுவில் கரண்ட் போய்விடுகிறது. பெல்ட் நின்றதைப் பார்த்துவிட்டு, அடைத்துக்கொண்ட மாவைத் தள்ளிவிட மில்காரர் உள்ளே கையை விடுகிறார். இரண்டு நிமிடத்தில் கரண்ட் திரும்பி வருகிறது. அந்த மோட்டாருக்குச் சாதாரண சுவிட்ச் மட்டும் போட்டிருந்தால், சுவிட்ச் போட்டபடியேதான் இருக்கும். மோட்டார் உடனே சுழலத் தொடங்கிவிடும். ஸ்டார்ட், ஸ்டாப் பட்டன்களோடு ஒரு கான்டாக்டரை வைத்து முறையாக வயரிங் செய்திருந்தால் கரண்ட் வந்தாலும் மோட்டார் அசையாது. யாராவது மறுபடி பச்சைப் பட்டனை அழுத்தும்வரை சும்மா நிற்கும்.

இந்த இரண்டு நிலைக்கும் நடுவே இருப்பது கான்டாக்டரின் பக்கவாட்டில் உள்ள 13, 14 என்ற எண்கள் கொண்ட இரண்டு சின்ன முனைகள். ஹோல்டிங் கான்டாக்ட் என்று சொல்லப்படுவது இதுதான். டைரக்ட் ஆன் லைன் ஸ்டார்ட்டர் பயிற்சி வரும்போது, படத்தைப் பார்த்து வயரை இணைத்து, மோட்டார் ஓடினால் முடிந்தது என்று பலரும் நோட்டில் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். ஓடுவது இந்தச் சர்க்யூட்டின் பாதி வேலை மட்டுமே. நிற்க வேண்டிய எல்லா நேரத்திலும் நிற்கிறதா என்பது மறுபாதி. தப்பான வயரிங்கிலும் மோட்டார் அழகாக ஓடும் என்பதால், அந்த மறுபாதியைப் பற்றித்தான் இந்த மடல்.

பேசுவதற்கு வசதியாக அந்த மில்லின் மோட்டாரையே எடுத்துக்கொள்ளலாம். 5 குதிரைத்திறன், 415 வோல்ட், மூன்று ஃபேஸ். முழுச் சுமையில் ஏறத்தாழ 7.5 ஆம்பியர் எடுக்கும். நேரடியாக ஸ்டார்ட் செய்யும்போது முதல் சில நொடிகளுக்கு அதைப் போல ஆறு மடங்கு, அதாவது 45 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். இவ்வளவு கரண்ட்டை விரலால் அழுத்தும் ஒரு சின்னப் பட்டன் தாங்காது. அதனால்தான் நடுவில் கான்டாக்டர் வருகிறது. அதற்குள் ஒரு காயிலும், அதன் காந்தம் இழுக்கும் ஓர் ஆர்மேச்சரும், ஆர்மேச்சரோடு சேர்ந்து நகரும் கான்டாக்டுகளும் இருக்கின்றன. பெரிய மூன்று கான்டாக்டுகள் மூன்று ஃபேஸையும் மோட்டாருக்கு அனுப்புகின்றன. காயிலின் இரண்டு முனைகள் ஏ1, ஏ2. இந்த அளவுக் கான்டாக்டரில் காயில் இழுக்கும் கணத்தில் சுமார் 70 வோல்ட்ஆம்பியர் எடுக்கும். இழுத்துப் பிடித்த பிறகு ஏழெட்டு போதும். 230 வோல்ட்டில் அது 0.03 ஆம்பியர்தான். பட்டன்கள் கையாள்வது இந்தச் சின்னக் கரண்ட்டை மட்டுமே.

எனவே ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் இரண்டு சர்க்யூட்டுகள் உண்டு. மெயின் சுவிட்சிலிருந்து கான்டாக்டர், ஓவர்லோடு ரிலே வழியாக மோட்டாருக்குப் போகும் தடித்த வயர்கள் பவர் சர்க்யூட். காயிலுக்குப் போகும் மெல்லிய வயர்கள் கன்ட்ரோல் சர்க்யூட். பவர் சர்க்யூட்டில் பெரிய சூட்சுமம் ஒன்றுமில்லை: மூன்று வயர் உள்ளே, மூன்று வயர் வெளியே. குழப்பம் எல்லாம் மெல்லிய வயர்களில்தான்.

கன்ட்ரோல் சர்க்யூட்டை ஒரே ஒரு வயரின் பயணமாகப் பார்த்தால் எளிதில் பிடிபடும். ஒரு ஃபேஸிலிருந்து புறப்பட்டு 2 ஆம்பியர் ஃப்யூஸைக் கடக்கிறது. ஃப்யூஸுக்கு அப்புறம் வரும் வயருக்கு 1 என்று எண் கொடுப்போம். அது ஓவர்லோடு ரிலேயில் 95, 96 என்று எழுதியிருக்கும் மூடிய கான்டாக்ட் வழியாகப் போய் வெளியே வரும்போது வயர் 2. அடுத்து எமர்ஜென்சி ஸ்டாப் பட்டனின் மூடிய கான்டாக்ட். அதைக் கடந்தால் வயர் 3. பிறகு சிவப்பு ஸ்டாப் பட்டன், அதுவும் மூடிய கான்டாக்ட்தான்; கடந்தால் வயர் 4. கடைசியாகப் பச்சை ஸ்டார்ட் பட்டன். இது மட்டும் திறந்திருக்கும், அழுத்தினால் மூடும். அதற்கு அப்புறம் வயர் 5, நேரே காயிலின் ஏ1 முனைக்கு. காயிலின் மறுமுனை ஏ2 எந்தப் பட்டனையும் தொடாமல் நேராக நியூட்ரலுக்குப் போகிறது.

இந்த எண்களை நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இனி வருவதெல்லாம் இந்த ஐந்து வயர்களைப் பற்றித்தான்.

இப்போது ஸ்டார்ட்டை அழுத்தினால் காயிலுக்குக் கரண்ட் கிடைக்கும், கான்டாக்டர் ‘டக்’ என்று இழுக்கும், மோட்டார் ஓடும். விரலை எடுத்தால் நின்றுவிடும். ஓட்டம் தொடர வேண்டுமானால், விரல் செய்த வேலையை வேறொன்று செய்ய வேண்டும். 13, 14 என்ற துணைக் கான்டாக்ட் சாதாரணமாகத் திறந்திருக்கும். கான்டாக்டர் இழுத்தால் மூடும். இதை ஸ்டார்ட் பட்டனுக்குப் பேரலலாக, வயர் 4க்கும் வயர் 5க்கும் இடையே இணைத்துவிடுகிறோம். ஸ்டார்ட்டை அழுத்தியதும் கான்டாக்டர் இழுக்கிறது; 13-14 மூடுகிறது; விரலை எடுத்த பிறகும் கரண்ட் அந்த வழியாக ஏ1க்குப் போய்க்கொண்டே இருக்கிறது. கான்டாக்டர் தன்னைத்தானே பிடித்துக்கொண்டிருக்கிறது.

அந்தப் பிடி எவ்வளவு எளிதில் விடும் என்பதில்தான் அதன் மதிப்பு. வயர் 1லிருந்து 4 வரை எங்கேயாவது ஒரு கணம் அறுந்தால் போதும்: காயில் விடும், 13-14 திறக்கும், அறுந்த இடம் மறுபடி சேர்ந்தாலும் கரண்ட்டுக்கு இனி வழியில்லை. ஸ்டாப் பட்டனிலிருந்து விரலை எடுத்தாலும் மோட்டார் திரும்ப ஓடாததற்கு இதுவே காரணம். கரண்ட் போய் வந்தால் ஓடாததற்கும் இதுவே. சூடான ஓவர்லோடு ரிலே டிரிப் ஆகி, ஆறிய பிறகு தானாகவே மூடிக்கொள்ளும்படி வைத்திருந்தாலும் மோட்டார் தானாகக் கிளம்பாததற்கும் இதுவே. தமிழ்நாட்டுப் பட்டறைகளில் பல மூத்த எலக்ட்ரீசியன்கள் கான்டாக்டர் காயிலை ‘நோ வோல்ட் காயில்’ என்றுதான் சொல்வார்கள். வோல்ட் இல்லையென்றால் விட்டுவிடுவது அதன் கடமை.

எந்த வோல்ட்டில் விடும்? கான்டாக்டருக்கான சர்வதேசத் தரம் ஐஇசி 60947-4-1, காயிலுக்கு எழுதப்பட்ட வோல்ட்டில் 85 முதல் 110 சதவீதம் வரை அது ஒழுங்காக இழுக்க வேண்டும் என்கிறது. 230 வோல்ட் ஏசி காயில் என்றால் 196லிருந்து 253 வரை. விடுவது 75 சதவீதத்துக்கும் 20 சதவீதத்துக்கும் நடுவில் எங்காவது நடக்க வேண்டும்; அதாவது 172க்கும் 46க்கும் இடையே. இழுக்கும் அளவுக்கும் விடும் அளவுக்கும் நடுவே இப்படி ஓர் இடைவெளி இருப்பதால்தான், லைனில் வோல்ட்டேஜ் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் மோட்டார் நின்று நின்று ஓடுவதில்லை.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். 14ஆம் முனையை இணைப்பதில் யாருக்கும் தகராறு இல்லை. அது ஏ1க்குப் பக்கத்திலேயே இருக்கும், ஒரு சின்ன வயர்த் துண்டு போதும். தவறு நடப்பது 13இல். அது வயர் 4க்குப் போக வேண்டும். வயர் 4 இருப்பதோ ஸ்டாப் பட்டனுக்கும் ஸ்டார்ட் பட்டனுக்கும் நடுவே, பட்டன் பெட்டிக்குள். மில்லில் பட்டன் பெட்டி சுவரில் ஓரிடத்தில் இருக்கும். கான்டாக்டர் பெட்டி நாலைந்து அடி தள்ளி இருக்கும். அதனால் பட்டன் பெட்டிக்குள் போக மூன்று வயர் வேண்டும்: ஸ்டாப்புக்கு வந்து சேரும் வயர் 3, ஸ்டார்ட்டிலிருந்து ஏ1க்குத் திரும்பும் வயர் 5, நடுவிலிருந்து 13க்குத் திரும்பும் வயர் 4. இதற்கு மூன்று வயர் கன்ட்ரோல் என்றே பெயர். மூன்றாவது வயரை இழுக்கச் சோம்பினாலோ, அது எதற்கு என்று புரியாவிட்டாலோ, கை பக்கத்தில் கிடைக்கும் ஒரு ஃபேஸைத் தேடும். கான்டாக்டரிலேயே, 13க்கு ஓர் அங்குலம் தள்ளி, மேலே முதல் ஃபேஸ் வந்து உட்கார்ந்திருக்கிறது. அங்கிருந்து 13க்கு ஒரு துண்டு வயர் போட்டால் மோட்டார் ஓடும், பிடித்துக்கொள்ளும். ஸ்டார்ட்டை அழுத்திப் பார்த்த மாணவர் சிரிப்பார்.

ஸ்டாப்பை அழுத்தினால்தான் தெரியும். அது நிற்காது. ஸ்டாப்பை விடுங்கள், எமர்ஜென்சி ஸ்டாப்பும் நிறுத்தாது, மோட்டார் சூடாகி ஓவர்லோடு ரிலே டிரிப் ஆனாலும் நிற்காது. ஏனென்றால் காயிலுக்கு வேண்டிய கரண்ட் இப்போது ஃப்யூஸ், ரிலே, பட்டன்கள் எல்லாவற்றையும் தாண்டி நேராகக் கிடைக்கிறது. மெயின் சுவிட்சை இறக்கினால்தான் அந்த மோட்டார் நிற்கும்.

13 தவறாகப் போய்ச் சேரும் இடத்தைப் பொறுத்து அறிகுறி மாறும். இதைப் புரிந்துகொண்டவருக்கு, பெட்டியைத் திறக்காமலேயே தவறு எங்கே என்று சொல்ல முடியும். 13ஐ வயர் 3இல் இணைத்திருந்தால் ஸ்டாப் வேலை செய்யாது, எமர்ஜென்சி ஸ்டாப் வேலை செய்யும். வயர் 2இல் இணைத்திருந்தால் இரண்டு பட்டனும் பயனற்றவை. ஆனால் ஓவர்லோடு டிரிப் மட்டும் நிறுத்தும். ஹோல்டிங் கான்டாக்ட் எங்கே தொடங்குகிறதோ, அதற்கு முன்னால் இருப்பவை மட்டுமே ஓடும் மோட்டாரை நிறுத்த வல்லவை. பின்னால் இருப்பவற்றை அது குறுக்குவழியாகத் தாண்டிவிடுகிறது.

இதே விதியின் இன்னொரு முகம் பழைய இயந்திரங்களில் காணப்படும், அது கூடுதல் ஆபத்தானது. முதலில் ஸ்டார்ட், ஸ்டாப் மட்டும் இருந்த மில்லுக்குப் பின்னாளில் யாரோ எமர்ஜென்சி ஸ்டாப் சேர்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எந்த வயரை வெட்டிச் சேர்ப்பது? ஸ்டார்ட் பட்டனுக்குப் போகும் வயர் கண்ணில் படுகிறது. அதை, ஹோல்டிங் கான்டாக்டுக்கான கிளை பிரிந்த இடத்துக்கு அப்புறம் வெட்டி, நடுவில் எமர்ஜென்சி பட்டனை வைத்துவிடுகிறார்கள். சோதிக்கும்போது மோட்டார் நின்றிருக்கிறது. எமர்ஜென்சியை அழுத்திவிட்டு ஸ்டார்ட்டை அழுத்துகிறார்கள்; ஓடவில்லை. சரியாக இருக்கிறது என்று போய்விடுகிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது அதை அழுத்தினால் எதுவும் நடக்காது, கரண்ட் 13-14 வழியாகப் போய்க்கொண்டிருக்கும். ஆகவே எமர்ஜென்சி பட்டனை நின்ற மோட்டாரில் சோதித்தால் அது சோதனையே ஆகாது. கான்டாக்டர் பிடித்திருக்கும் நிலையில் அழுத்திப் பார்க்க வேண்டும்.

துணைக் கான்டாக்டில் 13-14க்குப் பதிலாக, பக்கத்திலேயே இருக்கும் மூடிய கான்டாக்ட் 21-22ஐ எடுத்து இணைத்துவிடுவதும் உண்டு. அது உடனே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். கரண்ட் கொடுத்ததும் யாரும் பட்டனைத் தொடாமலேயே கான்டாக்டர் இழுக்கும், இழுத்ததும் அந்தக் கான்டாக்ட் திறக்கும், காயில் விடும், மறுபடி மூடும், மறுபடி இழுக்கும். பெட்டி முழுவதும் தடதடவென்று அதிரும். உடனே மெயினை இறக்கிவிட வேண்டும்; அந்த ஆட்டத்தில் பெரிய கான்டாக்டுகள் பொறி பறந்து கருகும்.

ஸ்டாப் பட்டனுக்கு ஏன் மூடிய கான்டாக்ட் என்ற கேள்வி எல்லா வகுப்பிலும் வருகிறது. அழுத்தினால் மூடும் பட்டனை வைத்தும் ஏதாவது ஒரு ரிலே மூலம் மோட்டாரை நிறுத்த முடியாதா? முடியும். ஆனால் மாவு மில்லில் எலி உண்டு. பட்டனுக்குப் போகும் வயரை எலி கடித்து அறுத்துவிட்டால், மூடிய கான்டாக்ட் வைத்த சர்க்யூட்டில் மோட்டார் அக்கணமே நின்றுவிடும். மில்காரர் எரிச்சலோடு எலக்ட்ரீசியனுக்குப் போன் போடுவார். திறந்த கான்டாக்ட் வைத்த சர்க்யூட்டில் எதுவும் நடக்காது. மோட்டார் ஓடும், நாட்கள் போகும், ஸ்டாப் செத்துக் கிடப்பது அதைத் தேவையோடு அழுத்தும்போதுதான் தெரியும். நிறுத்தும் வழியில் உள்ள பழுது தானாக வெளியே தெரிய வேண்டும் என்பதற்காகவே அந்த வழி எப்போதும் கரண்ட் ஓடும் வழியாக வைக்கப்படுகிறது.

காயிலின் ஏ2 ஏன் நேராக நியூட்ரலுக்குப் போக வேண்டும் என்பதற்கும் இதே போன்ற ஒரு காரணம் இருக்கிறது, இதைப் பாடத்தில் பெரும்பாலும் தாண்டிவிடுகிறார்கள். ஸ்டாப் பட்டனை ஃபேஸ் பக்கத்தில் வைக்காமல் ஏ2க்கும் நியூட்ரலுக்கும் நடுவே வைத்தாலும் படத்தில் பார்க்க ஒன்றுதான். தொடரில் எங்கே இருந்தாலும் அறுத்தால் அறும். இப்போது ஏ2விலிருந்து பட்டனுக்குப் போகும் வயர், அதிர்வில் இரும்புப் பெட்டியின் ஓட்டையில் உரசி உரசி மேல்தோல் போய்ப் பெட்டியைத் தொடுகிறது என்று வையுங்கள். பெட்டி எர்த் செய்யப்பட்டிருக்கிறது. நியூட்ரலும் டிரான்ஸ்ஃபார்மரில் எர்த் செய்யப்பட்டிருக்கிறது. காயிலின் 0.03 ஆம்பியருக்கு எர்த் வழியே திரும்பிப் போக அது தாராளமான பாதை. ஃப்யூஸ் போகாது, ஏனென்றால் கரண்ட் கூடவில்லை. மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும், ஸ்டாப்பை அழுத்தினாலும்! பட்டனைச் சுற்றிக்கொண்டு எர்த் வழியாகக் கரண்ட் போய்விடுகிறது.

பட்டன்கள் எல்லாம் ஃபேஸ் பக்கத்தில் இருந்தால் அதே உரசலில் ஃபேஸ் நேராக எர்த்தைத் தொடும், 2 ஆம்பியர் ஃப்யூஸ் போகும், மோட்டார் நிற்கும். அதே பழுது, எதிர் விளைவு. இயந்திரங்களின் மின் அமைப்புக்கான ஐஇசி 60204-1 தரமும், கன்ட்ரோல் சர்க்யூட்டின் ஒரு பக்கம் எர்த்தோடு இணைந்திருந்தால் காயிலின் ஒரு முனை நேராக அந்தப் பக்கத்துக்குப் போக வேண்டும், நிறுத்தும் கான்டாக்டுகள் மறுபக்கத்தில் இருக்க வேண்டும் என்ற முறையைத்தான் சொல்கிறது.

எமர்ஜென்சி ஸ்டாப்பும் ஸ்டாப்பும் ஒரே தொடரில் ஒரே வேலையைத்தான் செய்கின்றன என்றால் எதற்கு இரண்டு? ஸ்டாப் அன்றாட வேலைக்கு. எமர்ஜென்சி ஸ்டாப் பதறிய மனிதருக்கு. அவர் பட்டனைத் தேடிக்கொண்டிருக்க மாட்டார், உள்ளங்கையால் அடிப்பார். அதனால் காளான் போல விரிந்த சிவப்புத் தலை, பின்னால் மஞ்சள் நிறம். அடித்தால் உள்ளேயே பூட்டிக்கொள்ள வேண்டும். திருகியோ இழுத்தோ விடுவித்தால்தான் வெளியே வர வேண்டும். விடுவிப்பது மட்டும் மோட்டாரை ஓட வைத்துவிடக் கூடாது, அதன் பிறகு யாராவது ஸ்டார்ட்டை அழுத்தியாக வேண்டும் என்று ஐஎஸ்ஓ 13850 தரம் கேட்கிறது. நம் சர்க்யூட்டில் அதைக் கவனித்துக்கொள்வது ஹோல்டிங் கான்டாக்ட்.

கடையில் அந்தப் பட்டனை வாங்கும்போது கான்டாக்ட் பிளாக்கில் ஒரு வட்டத்துக்குள் அம்புக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பிரிங்கை நம்பாமல், அழுத்தும் விசையே கான்டாக்டைப் பிரித்துத் திறக்கும் என்பதற்கான அடையாளம் அது. கான்டாக்ட் லேசாக ஒட்டிக்கொண்டிருந்தாலும் கையின் வலு அதைப் பிய்த்துவிடும். இன்னொரு பழுதையும் மில் போன்ற அதிரும் இடங்களில் எதிர்பார்க்க வேண்டும். பட்டனின் தலை பெட்டி மூடியில் இருக்கும், கான்டாக்ட் பிளாக் அதன் பின்னால் கொக்கியில் மாட்டியிருக்கும். கொக்கி நழுவி பிளாக் கீழே தொங்கினால் தலையை எவ்வளவு அழுத்தினாலும் கான்டாக்டைத் தொடாது; அதுவோ மூடியபடியே இருக்கும், மோட்டார் ஓடும். மூடிய கான்டாக்ட் தன் பழுதைத் தானே காட்டும் என்று மேலே சொன்னது வயர் அறுவதற்குத்தான் பொருந்தும், இதற்குப் பொருந்தாது. பிளாக் கழன்றால் தானே திறந்துகொள்ளும் வகைக் கான்டாக்டுகள் கிடைக்கின்றன. அவை இல்லாத இடத்தில், ஓடும்போது அழுத்திப் பார்க்கும் வழக்கம் ஒன்றே காப்பு.

எமர்ஜென்சி பட்டனால் முடியாதவை சில உண்டு. அது காயிலின் கரண்ட்டைத்தான் அறுக்கிறது. பெரிய கான்டாக்டுகள் ஒன்றோடொன்று வெல்டாகி ஒட்டியிருந்தால், காயிலில் கரண்ட் இல்லாமலேயே மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும். இது எப்படி நேர்கிறது என்பதற்கு நம் கிராமத்து லைன்களே உதாரணம் தரும். வோல்ட்டேஜ் குறைந்த மாலை நேரம். ஸ்டார்ட்டை அழுத்தியதும் மோட்டார் 45 ஆம்பியர் இழுக்கிறது, லைனில் வோல்ட்டேஜ் இன்னும் இறங்குகிறது, காயில் விடுகிறது. மோட்டார் துண்டானதும் வோல்ட்டேஜ் ஏறுகிறது. விரலை எடுத்துவிட்டால் கதை அத்தோடு முடிந்தது. ஹோல்டிங் கான்டாக்ட் திறந்துவிட்டது. ஆனால் மோட்டார் எடுக்கவில்லையே என்று ஸ்டார்ட்டை அழுத்தியபடியே நின்றால் காயில் மறுபடி இழுக்கும், மறுபடி விடும். ஒவ்வொரு முறையும் 45 ஆம்பியர் பொறியோடு கான்டாக்டுகள் மோதும். உருகிய முகங்கள் அப்படியே ஒட்டிக்கொள்ளும். எடுக்காத மோட்டாரின் ஸ்டார்ட் பட்டனை அழுத்திப் பிடித்திருக்கக் கூடாது என்பதை மில்காரருக்கும் சொல்லிக்கொடுங்கள்.

ஒரு கான்டாக்டர் ஒட்டினாலும் மோட்டார் நின்றே ஆக வேண்டும் என்ற அளவுக்கு ஆபத்தான இயந்திரங்களில் இரண்டு கான்டாக்டர்களைத் தொடரில் வைத்து, ஒவ்வொன்றும் உண்மையில் திறந்ததா என்று ஒரு பாதுகாப்பு ரிலே கண்காணிக்கும்படி செய்கிறார்கள். ஒற்றைக் கான்டாக்டர் ஸ்டார்ட்டர் அந்த வகை அல்ல என்பதைத் தெரிந்து வைத்திருந்தால் போதும். கரண்ட்டை அறுத்தாலும் கனமான கல்லும் புல்லியும் சில நொடி சுற்றிக்கொண்டிருக்கும். அதை இந்தச் சர்க்யூட் பிடித்து நிறுத்தாது. எமர்ஜென்சியை அழுத்தியிருந்தாலும் கான்டாக்டரின் மேல் முனைகளில் 415 வோல்ட் நிற்கிறது. கல்லைக் கழற்றவோ பெட்டிக்குள் கை வைக்கவோ வேண்டுமென்றால் மெயின் சுவிட்சை இறக்கிப் பூட்டு போட்டு, சாவியை வேலை செய்பவர் தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு குறையும் உண்டு. காயில் ஒரு ஃபேஸையும் நியூட்ரலையும் மட்டும்தான் பார்க்கிறது. மற்ற இரண்டு ஃபேஸில் ஒன்று போனால் கான்டாக்டர் அறியாது; மோட்டார் முனகிக்கொண்டு மீதி இரண்டில் ஓடும், சூடாகும். அதைக் கவனிப்பது 7.5 ஆம்பியரில் வைத்த ஓவர்லோடு ரிலேயின் வேலை, அல்லது தனியாகப் போடும் சிங்கிள் பேசிங் பிரிவென்டரின் வேலை.

தண்ணீர் பாய்ச்சும் பம்ப்செட்டுகளில் ஆட்டோ ஸ்டார்ட்டர் என்று ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். கரண்ட் எந்நேரம் வந்தாலும் அதுவே ஸ்டார்ட் கொடுத்துவிடும். ஹோல்டிங் கான்டாக்ட் மறந்ததை அது நினைவூட்டுகிறது. ராத்திரியில் வரும் கரண்ட்டுக்காக விவசாயி வயலுக்கு ஓட வேண்டாம் என்பதால் அங்கே அதற்கு நியாயம் இருக்கிறது, கிணற்றுக்குள் இருக்கும் பம்பில் யாரும் கை வைத்திருப்பதில்லை. மாவு மில்லுக்கோ, மரம் அறுக்கும் இயந்திரத்துக்கோ, பெல்ட் வெளியே தெரியும் எதற்குமோ அதைக் கேட்டு வந்தால் மறுத்துவிட வேண்டும்.

சரி, வயரிங் முடிந்துவிட்டது. எப்படிச் சோதிப்பது?

முதலில் மெயினை இறக்கி, கன்ட்ரோல் ஃப்யூஸைக் கழற்றிவிட்டு, கரண்ட் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, மல்டிமீட்டரை ஓமில் வையுங்கள். வயர் 1க்கும் வயர் 4க்கும் இடையே கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். அப்படியே வைத்துக்கொண்டு ஸ்டாப்பை அழுத்தினால் திறக்க வேண்டும். எமர்ஜென்சியை அழுத்தினாலும் திறக்க வேண்டும். ஓவர்லோடு ரிலேயின் டெஸ்ட் பட்டனைத் தள்ளினாலும் திறக்க வேண்டும். அடுத்து மீட்டரின் ஒரு முனையை வயர் 1இலும் மறுமுனையை நியூட்ரல் போகும் ஏ2விலும் வையுங்கள். திறந்த நிலை காட்டும். ஸ்டார்ட்டை அழுத்தினால் காயிலின் ரெசிஸ்டன்ஸ், சில நூறு ஓம், தெரிய வேண்டும். பூஜ்யம் தெரிந்தால் காயில் சர்க்யூட்டில் எங்கோ ஷார்ட்; கரண்ட் கொடுக்காதீர்கள்.

அதன் பிறகு வருவதுதான் பலர் செய்யாத சோதனை. ஸ்டார்ட்டை விட்டுவிட்டு, கான்டாக்டரின் முகப்பில் நகரும் பகுதியை ஸ்க்ரூடிரைவரால் உள்ளே அழுத்துங்கள்; கான்டாக்டர் இழுத்திருப்பதைப் போன்ற நிலை அது. 13-14 மூடி, அதே சில நூறு ஓம் தெரிய வேண்டும். அழுத்திப் பிடித்தபடியே, கூட இருக்கும் நண்பரை ஸ்டாப்பை அழுத்தச் சொல்லுங்கள். மீட்டர் திறந்த நிலைக்குப் போக வேண்டும். எமர்ஜென்சிக்கும், ஓவர்லோடு டெஸ்ட்டுக்கும் அப்படியே. எதிலாவது ஓம் மாறாமல் நின்றால் 13ஆம் முனை தவறான இடத்தில் இருக்கிறது. எந்தப் பட்டனில் மாறவில்லை என்பதிலிருந்தே அது எந்த வயரில் சேர்ந்திருக்கிறது என்று மேலே சொன்ன கணக்கை வைத்துச் சொல்லிவிடலாம். நேராக முதல் ஃபேஸிலிருந்து எடுத்த தவறு மட்டும் ஃப்யூஸ் கழற்றிய நிலையில் வேறு மாதிரி தெரியும்: எவ்வளவு அழுத்தினாலும் ஓமே வராது. அதுவும் ஒரு பதில்தான்.

இவை சரியாக வந்தால், காயிலில் எழுதியிருக்கும் வோல்ட்டை ஒரு முறை படித்துப் பாருங்கள். நம் ஊர்க் கடைகளில் 230 வோல்ட் காயிலும் 415 வோல்ட் காயிலும் பார்க்க ஒன்றாகவே இருக்கும். 230 வோல்ட் காயிலை இரண்டு ஃபேஸுக்கு நடுவே கொடுத்தால் புகைந்துவிடும். 415 வோல்ட் காயிலை ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் கொடுத்தால் முழுதாக இழுக்காமல் உறுமும். இழுக்காத ஏசி காயில் இழுக்கும் நேரத்துப் பெரிய கரண்ட்டையே தொடர்ந்து எடுப்பதால் அதுவும் கொஞ்ச நேரத்தில் கருகும்.

பிறகு ஃப்யூஸைப் போட்டு, மோட்டார் வயர்களைக் கழற்றி வைத்துவிட்டு, மேற்பார்வையாளர் பக்கத்தில் நிற்கக் கரண்ட் கொடுங்கள். ஸ்டார்ட் அழுத்தி விட்டால் கான்டாக்டர் பிடித்திருக்க வேண்டும். ஸ்டாப்பை அழுத்தினால் விட வேண்டும், விரலை எடுத்தாலும் திரும்ப இழுக்கக் கூடாது. மறுபடி ஸ்டார்ட், பிடித்திருக்கும்போது எமர்ஜென்சி, பூட்டிய நிலையில் ஸ்டார்ட்டை அழுத்திப் பாருங்கள், இழுக்கக் கூடாது, எமர்ஜென்சியைத் திருகி விடுவியுங்கள், அப்போதும் தானாக இழுக்கக் கூடாது. மறுபடி ஸ்டார்ட் கொடுத்து ஓவர்லோடு டெஸ்ட் பட்டனைத் தள்ளுங்கள். கடைசியாக, கான்டாக்டர் பிடித்திருக்கும்போது மெயினை இறக்கி, கொஞ்சம் பொறுத்து ஏற்றுங்கள். பெட்டிக்குள்ளிருந்து ‘டக்’ என்ற சத்தம் வரக் கூடாது.

எல்லாம் தேறிய பிறகே மோட்டார் வயர்களை மாட்டி, சுழலும் திசையைப் பாருங்கள். ஒவ்வொரு வயரின் இரு முனையிலும் 1லிருந்து 5 வரையான எண் வளையங்களைப் போட்டு, அதே எண்களோடு வரைந்த படத்தைப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். நாளைக்கு இன்னொரு எமர்ஜென்சி பட்டனைச் சேர்க்க வருபவர் வயர் 2ஐயோ 3ஐயோதான் வெட்ட வேண்டும் என்பதை அந்தப் படத்திலிருந்துதான் தெரிந்துகொள்வார்.